பெரம்பலூரில் இறங்கிப் போகும் அம்மாவும் பாக்கி முப்பத்தைந்து நிமிடமும்: ஒரு பேருந்துச் சிறுகதையை எழுதும் முழு வழிகாட்டி

இரவுப் பேருந்து. அடுத்தடுத்த சீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர். ஒரு போன், ஒரு படம். இதை வைத்து ஒரு சிறுகதை எழுதலாம் என்று தோன்றாத எழுத்துக்காரர் குறைவு. ஆனால் எழுதி முடித்ததும் பெரும்பாலும் என்ன ஆகிறது என்றால், முதல் பக்கத்தில் படம் ஓட ஆரம்பிக்கும், இரண்டாம் பக்கத்தில் படத்தை மறந்துவிட்டு இரண்டு பேரும் பேச ஆரம்பிப்பார்கள், மூன்றாம் பக்கத்தில் ஒருவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி அழுவார், விடிந்ததும் பிரிவார்கள். அந்தக் கதைக்குப் போன் தேவையில்லை, படம் தேவையில்லை, டீக்கடை பெஞ்சு போதும்.

நான் முதலில் எழுதியதும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் பேச்சை முழுக்க வெட்டி எறிந்துவிட்டு, ஒரு போனை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்றால் உடம்பு என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று மட்டும் யோசித்தேன். எவ்வளவு நெருங்கணும், யார் கையில் போன் இருக்கும், யார் காதுக்குச் சத்தம் போகும், ஒருவருக்குத் தூக்கம் வந்தால் மற்றவர் என்ன செய்வார். கதை அங்கேதான் கிடந்தது. அந்தக் கதையை எப்படிக் கட்டினேன் என்பதை ஒவ்வொரு படியாக இங்கே எழுதுகிறேன். என் பாத்திரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், வேலை நடக்கிற விதத்தை மட்டும் பாருங்கள்.

படி 1: வழித்தடமும் கடிகாரமும்

பேருந்து எங்கிருந்து எங்கே போகிறது என்று முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். இந்தக் கதையில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று படத்தின் கடிகாரம், இன்னொன்று பேருந்தின் கடிகாரம். இரண்டும் எந்த இடத்தில் மோதுகின்றன என்பதுதான் உங்கள் கதையின் முடிவு. அதனால் கணக்கு முதலில் வரவேண்டும்.

நான் கிளாம்பாக்கத்திலிருந்து திருச்சி போகும் பேருந்தை எடுத்துக்கொண்டேன். முதலில் திருநெல்வேலி பேருந்து என்றுதான் வைத்திருந்தேன், தூரம் அதிகம், ராத்திரி முழுக்கக் கிடைக்கும் என்று. ஆனால் எனக்கு ஒருவர் பெரம்பலூரில் இறங்க வேண்டியிருந்தது. பெரம்பலூர் போகிறவர் திருநெல்வேலி பேருந்தில் ஏன் ஏறுகிறார் என்று அந்தச் சாலையில் போய்வருகிற எந்த வாசகரும் கேட்பார். திருச்சி பேருந்து என்றால் அந்தக் கேள்வியே வராது.

இரவு 8.30க்குக் கிளம்பினால், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் தாண்டி விக்கிரவாண்டிப் பக்கம் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது பத்தே முக்கால் ஆகியிருக்கும். கால் மணி நேரம், இருபது நிமிடம் நிற்கும். திரும்பக் கிளம்பும்போது 11.05. அங்கிருந்து உளுந்தூர்பேட்டை, வேப்பூர், தொழுதூர் வழியாகப் பெரம்பலூர் வருவதற்குச் சுமார் 120 கிலோமீட்டர், ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆக பெரம்பலூர் நாலு ரோட்டில் மணி 1.00. அதற்கப்புறம் பாடாலூர், சமயபுரம் டோல்கேட், திருச்சி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

இப்போது படம். நம்ம ஊர்ப் படம் என்றால் இரண்டரை மணி நேரம், 150 நிமிடம் என்று வையுங்கள். சாப்பாட்டுக்கு நிறுத்திக் கிளம்பிய 11.05க்குப் படம் தொடங்கினால் பெரம்பலூர் வரும்போது 115 நிமிடம் ஓடியிருக்கும். பாக்கி 35. திருச்சிக்குப் போக அதைவிட அதிக நேரம் இருக்கிறது. அதாவது ஒருவர் முடிவு பார்க்காமல் இறங்குவார், இன்னொருவருக்கு முடிவைப் பார்க்க நேரம் இருக்கும். பார்க்கலாமா வேண்டாமா என்பது அவர் கையில்.

படத்தைக் கிளாம்பாக்கத்திலேயே தொடங்கினால் இந்தக் கதை செத்துவிடும். 11 மணிக்குப் படம் முடிந்துவிடும், இரண்டு பேரும் தூங்கிவிடுவார்கள். தவிர, ஏறிய உடனே யாரும் பக்கத்து ஆளோடு போனைப் பகிர்ந்துகொள்வதில்லை. இரண்டு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்து, ஒரு தடவை ஒன்றாகக் கீழே இறங்கி ஏறிய பிறகுதான் அது நடக்கும்.

படி 2: ஆளுக்குப் பாதி கொடுங்கள்

ஒருவரிடம் எல்லாம் இருந்து மற்றவர் எட்டிப் பார்த்தால் அது தயவு. தயவில் கதை நகராது, நன்றி சொல்லி முடிந்துவிடும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் படம் என்ற நிலைமை வேண்டும்.

என் கதையில் நிவேதா, 24 வயது, தாம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள். அவளிடம் பழைய போன் இருக்கிறது, ஹாஸ்டல் வைஃபையில் முன்னாடியே இறக்கி வைத்த படம் இருக்கிறது. (இறக்கி வைத்திருக்க வேண்டும். வழியில் சிக்னல் விட்டு விட்டு வரும், படம் சுற்றிக்கொண்டே நின்றால் உங்கள் கடிகாரம் குழம்பிவிடும்.) அவளுடைய ப்ளூடூத் இயர்பட்ஸில் சார்ஜ் போய்விட்டது. விளக்கு அணைத்த பேருந்தில் சத்தமாக வைத்தால் கண்டக்டர் திட்டுவார், திட்டாவிட்டாலும் அவள் வைக்கிற ஆள் இல்லை.

பக்கத்தில் அஞ்சலை, 61 வயது. மகள் வீட்டிலிருந்து ஊருக்குத் திரும்புகிறார். அவரிடம் பட்டன் போன்தான். ஆனால் வயர் ஹெட்செட் இருக்கிறது. ஏன் இருக்கிறது? அந்தப் போனில் எஃப்.எம். கேட்க ஹெட்செட்டைச் செருகியே ஆகணும், வயர்தான் ஏரியல். ஸ்பீக்கரில் பாட்டு வரவேண்டும் என்றாலும் வயர் செருகியிருக்க வேண்டும். ஸ்மார்ட்போன்காரப் பெண்ணிடம் வயர் இல்லை, பட்டன் போன்கார அம்மாவிடம் எப்போதும் வயர் உண்டு. இதை நான் கதைக்காக ஜோடிக்கவில்லை, நம் வீட்டுப் பெரியவர்கள் பையைப் பார்த்தாலே தெரியும்.

நிவேதாவின் போன் பழையது என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. புதுப் போன் பலவற்றில் ஹெட்செட் செருகும் அந்த உருண்டை ஓட்டையே கிடையாது. ஒரு வரியில் "ரெண்டு வருஷமா மாத்தணும் மாத்தணும்னு இருந்த போன்" என்று போட்டுவிட்டால் போதும்.

இரண்டு பேரையும் பெண்களாக வைத்ததற்கும் காரணம் எளியதுதான். தனியாக வருகிற பெண் பக்கத்தில் ராத்திரியில் பெரும்பாலும் பெண்தான் உட்காருவார், கண்டக்டரே மாற்றி உட்கார வைப்பார். ஆணும் பெண்ணும் என்றால் வாசகர் மனம் உடனே காதலுக்கோ தொல்லைக்கோ போய்விடும், அதற்குப் பதில் சொல்லியே உங்கள் பாதிக் கதை கரைந்துவிடும். அந்தக் கதை எழுத வேண்டுமானால் தனியாக எழுதுங்கள்.

படி 3: சீட்டும் காதும்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழியுங்கள். என் கதை முழுக்க இங்கிருந்துதான் வந்தது.

சாதாரண வயர் ஹெட்செட் ஏறக்குறைய 1.2 மீட்டர் இருக்கும். நடுவில் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். பிரிந்த பிறகு ஒவ்வொரு கிளையும் ஒரு முழத்துக்கும் குறைவு. இரண்டு பேர் ஆளுக்கொன்று மாட்டினால் இரண்டு தலைக்கும் நடுவில் அந்த இரண்டு கிளை நீளம்தான். சீட்டில் நேராக உட்கார்ந்தால் எட்டும், ஆனால் ஒருவர் ஜன்னல் பக்கம் சாய்ந்தால் மற்றவர் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். ஆக யாரும் தூங்கி அந்தப் பக்கம் சாய முடியாது. சாய்ந்தால் இந்தப் பக்கம்தான் சாயணும். நெருக்கம் என்ற வார்த்தையை எழுதாமலே நெருக்கத்தை எழுத உங்களுக்கு ஒரு கருவி கிடைத்துவிட்டது.

அடுத்தது முக்கியமானது. ஹெட்செட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே சத்தம் வருவதில்லை. இடது, வலது என்று தனித்தனி. படத்தில் பேசுகிற வசனம் பெரும்பாலும் நடுவில் வைக்கப்பட்டிருக்கும், அதனால் இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும். ஆனால் திரைக்கு வெளியே வலது பக்கம் ஒரு கதவு திறந்தால், தூரத்தில் ஒரு வண்டி வந்தால், அது வலது பக்கத்தில்தான் கேட்கும். இடது பக்கத்தில் வராது, இல்லை மிக லேசாக வரும். பேருந்து இரைச்சலில் அந்த லேசான சத்தம் இல்லாததற்குச் சமம்.

அப்படியானால் ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு பேர் ஒரே படத்தைக் கேட்கவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. எனக்கு இது புரிந்த அன்றைக்குக் கதை கையில் வந்துவிட்டது. (போனில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும்படி மாற்ற ஓர் அமைப்பு உண்டு. அதை மாற்றி வைத்திருப்பவர் குறைவு, நிவேதா மாற்றவில்லை.)

இனி சீட்டு. பேருந்தில் இடது வரிசையில் ஜன்னல் இடது கைப் பக்கம். ஜன்னலோரம் அஞ்சலை, நடைபாதை ஓரம் நிவேதா. அஞ்சலையின் வலது காது நிவேதாவைப் பார்த்து இருக்கிறது, நிவேதாவின் இடது காது அஞ்சலையைப் பார்த்து இருக்கிறது. வயர் இயல்பாக அப்படித்தான் போகும். வலது பக்கச் சத்தம் அஞ்சலைக்கு, இடது பக்கச் சத்தம் நிவேதாவுக்கு.

இதோடு நான் ஒன்று சேர்த்தேன். அஞ்சலைக்குச் சின்ன வயதில் காதில் சீழ் வந்து இடது காது கேட்காது. அதனால் எங்கே உட்கார்ந்தாலும் ஆட்கள் தன் வலது பக்கம் இருக்கும்படி உட்காருவார். கதையின் முதல் காட்சியில் நிவேதா முன்பதிவு செய்த ஜன்னல் சீட்டில் அவர் உட்கார்ந்துகொண்டு "எனக்கு இந்தப் பக்கம்தாம்மா, நீ அந்தாண்ட உக்காரு" என்கிறார். நிவேதாவுக்கு எரிச்சல். ஜன்னலுக்கு ஆசைப்படுகிறார் என்று நினைக்கிறாள். இரண்டு மணி நேரம் பேசாமல் வருவதற்கு அது போதுமான காரணம்.

காது கேட்காத விஷயத்தை வாய்விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். விக்கிரவாண்டியில் இறங்கி டீ வாங்கி நிற்கும்போது, நிவேதா அவருக்கு இடது பக்கம் நின்று "அம்மா, பஸ் எடுக்கப் போறாங்க" என்கிறாள். அவர் திரும்பவே இல்லை. அவள் சுற்றி மறுபக்கம் வந்து சொல்கிறாள், உடனே திரும்புகிறார். இரண்டு வரி. ஜன்னல் சீட்டுக் கோபம் அங்கே கரைகிறது, ஆனால் நீங்கள் "கோபம் கரைந்தது" என்று எழுத வேண்டியதில்லை. திரும்ப ஏறும்போது நிவேதா தானாகவே நடைபாதை ஓரம் நின்று அவரை உள்ளே போக விடுகிறாள் என்று எழுதினால் ஆயிற்று.

படி 4: யார் கண்ணால் பார்ப்பது

நிவேதாவின் கண்ணால் மட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அஞ்சலையின் காதில் என்ன கேட்கிறது என்பதை வாசகர் நேராகத் தெரிந்துகொண்டால் படி 3இல் கிடைத்தது எல்லாம் வீண். நிவேதாவுக்குக் கேட்காதது வாசகருக்கும் கேட்கக் கூடாது. அஞ்சலை வாயைத் திறந்து சொல்லும்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும்.

சரி, அஞ்சலையின் கண்ணால் எழுதினால் என்ன? எழுதிப் பார்த்தேன். அவருக்குச் சத்தம் கேட்கிறது, பக்கத்துப் பெண்ணுக்குக் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை.

படி 5: படத்துக்குள் படம், மூன்றே காட்சி

நிஜமாக வந்த படத்தைப் பயன்படுத்தாதீர்கள். வாசகருக்கு அந்தப் படம் பிடித்திருந்தால் அவர் மனம் அங்கே போய்விடும், பிடிக்காவிட்டால் உங்கள் கதையும் பிடிக்காது. நீங்களே ஒரு படத்தைக் கற்பனை செய்யுங்கள், பெயர் வைக்காதீர்கள், மூன்று காட்சிக்கு மேல் காட்டாதீர்கள். ஒவ்வொன்றும் ஐந்தாறு வரிதான். படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அது உங்கள் கதையை விழுங்கிவிடும்.

என் படத்தில் அண்ணன், தம்பி. ஓட்டு வீடு, திண்ணை. பாகத் தகராறில் பேச்சு நின்றுபோகிறது. தம்பி சைக்கிளில் போகிறான். அந்தச் சைக்கிளில் மட்கார்டு லூஸ், கடகடவென்று ஆடும். வீட்டுக்கு வரும் பாதை திரையின் வலது பக்கம் இருக்கிறது, அதனால் அவன் போவதும் வருவதும் அந்த ஓரத்தில்தான். முதல் காட்சியில் சைக்கிள் திரையிலேயே இருக்கிறது, சத்தம் இரண்டு பேருக்கும் கேட்கிறது. இது அவசியம், அந்தச் சத்தம் யாருடையது என்று முன்பே தெரிந்திருந்தால்தான் இரண்டாவது காட்சி வேலை செய்யும்.

இரண்டாவது காட்சி படத்தின் ஐம்பதாவது நிமிடம். வெளியே உளுந்தூர்பேட்டை வந்திருக்கும். படத்தில் நடுராத்திரி, அண்ணன் திண்ணையில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். கதையில் அந்த இடம் இப்படி வருகிறது:

*திண்ணையில் அரிக்கேன் விளக்கு. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பூச்சிச் சத்தம் மட்டும் நிவேதாவின் காதில் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒரு லாரியைத் தாண்டினார், வெளிச்சம் மேற்கூரையில் ஓடி மறைந்தது.*

*"வந்துட்டான்" என்றார் அஞ்சலை.*

*"யாரும்மா?"*

*"தம்பிக்காரன்."*

*திரையில் யாரும் இல்லை. அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பார்த்த படம் போலிருக்கிறது, முடிவையும் சொல்லிவிடுவாரோ என்று நிவேதாவுக்குத் தோன்றியது. அண்ணன் தலையைத் தூக்கினான். வலது ஓரத்தில் ஒரு சைக்கிள் சக்கரம் உள்ளே வந்தது.*

*"பார்த்திருக்கீங்களாம்மா இந்தப் படம்?"*

*"இல்ல பாப்பா. சத்தம் கேட்டுச்சே."*

*நிவேதா தன் காதில் இருந்ததை எடுத்துப் பார்த்தாள். மேலே சின்னதாக எல் என்று போட்டிருந்தது.*

இதற்குமேல் விளக்கம் எழுதினால் கெட்டுப்போகும். ஒருகாலத்தில் இந்த இடத்தில் நிவேதா பத்து விநாடி பின்னால் தள்ளி, அஞ்சலையின் பக்கத்தை வாங்கி மாட்டிக் கேட்டுப் பார்ப்பதாக எழுதியிருந்தேன். அது சோதனைச்சாலை மாதிரி ஆகிவிட்டது. அவள் சரிபார்க்கவில்லை, அவர் சொன்னதை எடுத்துக்கொண்டாள் என்பதுதான் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த விஷயம். அதற்கப்புறம் அமைதியான காட்சி வரும்போதெல்லாம் நிவேதா திரையை விட்டுவிட்டு அஞ்சலையின் முகத்தைப் பார்க்கிறாள். அதை ஒரே ஒருமுறை காட்டுங்கள்.

இன்னொரு குழி இருக்கிறது. படத்தில் அண்ணன் தம்பிச் சண்டை என்றால், அஞ்சலைக்கும் உடன்பிறந்தவரோடு பேச்சில்லை என்று வைக்கக் கை பரபரக்கும். வேண்டாம். படமும் வாழ்க்கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்தால் வாசகர் உடனே எழுத்தாளரின் கையைப் பார்த்துவிடுவார். அஞ்சலை அந்தத் தகராறைப் பார்த்து "ஏரிப் பக்கத்து வயலு யாருக்குன்னு சொல்லவே இல்லையே" என்று ஒரு கேள்விதான் கேட்கிறார். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற ஊர்க்காரருக்கு அதுதான் முதலில் தோன்றும்.

படி 6: பேச்சை எண்ணுங்கள்

எழுதி முடித்த பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் வரிகளை மட்டும் தனியாக எடுத்து எண்ணிப் பாருங்கள். என் கதையில் இருபத்திரண்டு வரி மிஞ்சியது. முதல் பிரதியில் நூற்றுக்கும் மேல். எதை வெட்டினேன் என்றால், எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளைகள் என்ற விசாரிப்பு எல்லாவற்றையும். நிஜப் பேருந்தில் இதெல்லாம் கேட்பார்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் காதில் படம் ஓடும்போது கேட்க மாட்டார்கள். நீங்கள் கொடுத்த வயரை நீங்களே மதிக்க வேண்டும்.

விளிப்பை மட்டும் கவனமாக நகர்த்துங்கள். அஞ்சலை முதலில் பொதுவாக "ஏம்மா" என்கிறார், அது யாரையும் கூப்பிடுகிற சொல். படம் ஓடும்போது "பாப்பா" வருகிறது. நிவேதா முதலில் எப்படியும் விளிக்காமல் "இது என் சீட்டு" என்கிறாள், விக்கிரவாண்டியில்தான் "அம்மா" வருகிறது. இரண்டு பேரும் பெயர் கேட்டுக்கொள்வதே இல்லை. நிவேதா, அஞ்சலை என்ற பெயர்கள் வாசகருக்காக நான் வைத்தவை. சரியாகச் சொன்னால் நிவேதாவின் கண்ணால் எழுதும் கதையில் அஞ்சலை என்ற பெயர் வரவே கூடாது. கண்டக்டர் டிக்கெட் சரிபார்க்கும்போது பின்சீட்டுக்காரர் "அஞ்சலை அக்கா, பெரம்பலூர்தானே" என்று ஊர்க்காரராகக் குரல் கொடுப்பதாக ஒரு வரி வைத்து இதைச் சரிசெய்தேன். இப்படிப்பட்ட ஓட்டையை நீங்களே கண்டுபிடித்து அடைப்பது நல்லது, இல்லாவிட்டால் வாசகர் கண்டுபிடிப்பார்.

படி 7: ஒரு செய்கை, இரண்டு தடவை

ஹெட்செட் காதுக்குள் போகிற பொருள். அந்நியருக்குக் கொடுக்கும்போது யாராக இருந்தாலும் துடைப்பார்கள். அஞ்சலை முந்தானையால் துடைத்துவிட்டு நிவேதாவிடம் நீட்டுகிறார். எழுதும்போது சாதாரணமாக எழுதிவிட்டுக் கடந்து போங்கள்.

பெரம்பலூர் நாலு ரோடு. மணி ஒன்று. கண்டக்டர் குரல் கொடுக்கிறார். நிவேதா படத்தை நிறுத்துகிறாள். தன் காதில் இருந்ததைக் கழற்றித் துடைப்பதற்குத் துப்பட்டாவை எடுப்பதற்குள் அஞ்சலை அதை வாங்கி, இரண்டு விரலில் வயரைச் சுற்றி, அப்படியே பைக்குள் போட்டுக்கொள்கிறார். துடைக்கவில்லை. இந்த இரண்டாவது தடவையை வாசகர் கவனிக்காமல் போனாலும் பரவாயில்லை, கவனிக்கச் சொல்லி அடிக்கோடு போடாதீர்கள்.

இங்கே ஒரு பெரிய சபலம் வரும். ஹெட்செட்டை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று. கேட்க அழகாக இருக்கும். ஆனால் விடிந்ததும் அவர் திருச்சி வானொலி கேட்க வயர் வேண்டும், அதை முதலிலேயே நீங்கள் எழுதிவிட்டீர்கள். தனக்குத் தினமும் தேவைப்படுகிற பொருளை ஒரு படத்துக்காகக் கொடுத்துவிட்டுப் போகிறவராக அவரை மாற்றினால் அவர் உங்கள் வசதிக்கு ஆடுகிற பொம்மை ஆகிவிடுவார். அவர் எடுத்துக்கொண்டுதான் போவார். அதனால்தான் கடைசிக் காட்சியும் கிடைக்கிறது.

படி 8: முடிவு

பாக்கி 35 நிமிடம். நிவேதா என்ன செய்வாள்? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று, போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிடுகிறது. இது ஏமாற்று. பாத்திரம் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் பேட்டரி முடிவெடுக்கிறது. அந்தச் சந்தேகமே வரக்கூடாது என்று விக்கிரவாண்டியில் 46 சதவீதம் என்று போட்டேன். பழைய பேட்டரி, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தால் மணிக்குப் பதினைந்து போகும் என்று வைத்துக்கொண்டால் பெரம்பலூரில் 17 இருக்கும். படம் முடிய அது போதும்.

இரண்டு, அவள் பார்க்காமலே விட்டுவிடுகிறாள், அந்த அம்மா இல்லாமல் பார்க்க மனமில்லை என்று. இதில் ஒரு நல்ல மனசு இருக்கிறது, ஆனால் 24 வயதுப் பெண் தூக்கம் வராத பேருந்தில் அரை மணி நேரப் படத்தை விட்டுவிடுவாள் என்று நான் நம்பவில்லை.

மூன்றாவதுதான் நின்றது. அவளிடம் இப்போது வயர் இல்லை, இயர்பட்ஸ் செத்துக் கிடக்கிறது. சத்தமில்லாமல் பார்க்கிறாள். படம் அவளுக்கு ஏற்கெனவே பாதிச் சத்தத்தில்தான் ஓடியது, இப்போது மீதிப் பாதியும் போய்விட்டது. ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி வந்தானா இல்லையா என்பதை எழுதவில்லை.

நீளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 1800 சொல். படம் தொடங்கும்வரை 500, படம் ஓடும்போது 900, பெரம்பலூரிலிருந்து கடைசிவரை 400. முதல் பகுதி நீண்டால் வாசகர் களைத்துவிடுவார், கடைசிப் பகுதி நீண்டால் நீங்கள் உணர்ச்சியைப் பிழிகிறீர்கள் என்று அர்த்தம். முதல் பிரதியில் கடைசிப் பகுதி மட்டும் 700 இருந்தது. ஜன்னல் வழியாக அஞ்சலை டூவீலரில் மகன் பின்னால் ஏறிப் போவதை நிவேதா பார்த்துக்கொண்டே இருப்பது, காலி சீட்டைத் தடவுவது, திருச்சியில் இறங்கி அம்மாவுக்குப் போன் பண்ணுவது. எல்லாம் போய்விட்டது. மகன் வண்டி மட்டும் அரை வரியில் இருக்கிறது, ராத்திரி ஒரு மணிக்கு அவரை நடுரோட்டில் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

கடைசிப் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

*பாடாலூர் தாண்டியதும் நிவேதா போனை எடுத்தாள். ஜன்னல் சீட் காலியாகத்தான் இருந்தது, அவள் நகரவில்லை. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஓட விட்டாள். அண்ணன் திண்ணையில் படுத்திருந்தான். யாரோ அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள், வாய் அசைந்தது, என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். திண்ணை இருட்டாக ஆனது. நிவேதா திரையின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.*